கெழுக்கள் புத்தி கெட்டு நிற்கின்றனவா? மிகச் சிறிய ஐகன் மதிப்பைப் பாருங்கள்

சென்னையில் 64 அடுக்குமாடி வீடுகளின் மாத வாடகையை வைத்து ஒரு ரிக்ரெஷன் போட்டேன். வாடகையை விளக்க மூன்று அளவுகள்: கார்ப்பெட் ஏரியா, காமன் ஏரியா, சேலபிள் ஏரியா. விடை வந்தது. காமன் ஏரியா ஒரு சதுர அடி கூடினால் வாடகை 4 ரூபாய் குறையுமாம். இப்படி ஒரு சதுர அடிக்கு வாடகை எவ்வளவு மாறும் என்று ரிக்ரெஷன் தரும் எண்தான் கெழு. லிஃப்ட், ஜிம், பெரிய வராந்தா எல்லாம் சேர்வதுதான் காமன் ஏரியா. அது கூடினால் வாடகை குறையும் என்று சென்னையில் எந்த வீட்டு புரோக்கரிடமும் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

காரணம் மல்டிகொலினியாரிட்டி. அதாவது, விளக்கும் மாறிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிக் கிடப்பது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் போனது. சரியான இடத்தில் பார்த்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நான் போயிருக்க வேண்டிய வழியை வரிசையாக எழுதுகிறேன். எண்களை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாகச் சற்று உருட்டி, அதாவது தசமங்களைக் குறைத்துத் தந்திருக்கிறேன்.

1. முதலில் அறிகுறியைப் படியுங்கள்

என் முடிவு இப்படி இருந்தது. R² 0.72. F மதிப்பு 50-க்கும் மேல். ஆக, மூன்று அளவுகளும் சேர்ந்து வாடகையை நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. கார்ப்பெட்டின் கெழு 4, காமனுடையது −4, சேலபிளுடையது 14. மூன்றுக்கும் திட்டப்பிழை, அதாவது கெழு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு, ஏறக்குறைய 10.

மொத்தமாக வலுவாகவும் தனித்தனியாக நொண்டியாகவும் ஒரு ரிக்ரெஷன் வந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு: ஐந்தாறு வரிகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நான் ஒரே தெருவில் இருந்த ஐந்து வீடுகளை எடுத்துவிட்டு ஓட்டினேன். காமன் ஏரியாவின் குறி நேர்மறைக்கு மாறிவிட்டது, R² மட்டும் அசையவே இல்லை. கெழுக்கள் ஆடும்போது பொருத்தம் ஆடாமல் இருந்தால், கோளாறு வாடகைத் தரவில் இல்லை, விளக்கும் மாறிகளுக்குள்ளேயே இருக்கிறது.

2. ஒவ்வொரு நிரலும் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்

இதை அலுவல் வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். அங்கேதான் இரண்டு வாரமும் கரைந்தது.

கார்ப்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் அதற்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது: உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. புதிய கட்டடமாக இருந்தால் விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்த எண் கிடைக்கும். மாம்பலம், மயிலாப்பூர் பக்கத்துப் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் சுவர்களையும் சேர்த்த பிளிந்த் ஏரியாவும், யுடிஎஸ் என்ற பிரிக்கப்படாத நிலப் பங்கும்தான் பத்திரத்தில் இருக்கும். அங்கே நானே டேப் பிடித்து அளந்தேன், வீட்டுக்கு அரை மணி நேரம்.

காமன் ஏரியாவை பில்டரின் ஏரியா ஸ்டேட்மெண்ட்டிலிருந்து எடுத்தேன். பழைய வீடுகளுக்கு, படிக்கட்டையும் நடையையும் வரைபடத்தில் பார்த்து வீட்டு எண்ணிக்கையால் வகுத்துக்கொண்டேன். சேலபிள் ஏரியா விளம்பரத்தில் போடும் எண்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி அருகருகே வைத்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். சேலபிள் என்பது கார்ப்பெட்டையும் காமனையும் கூட்டி, வெளிச்சுவரையும் பால்கனியையும் மேலே போட்டது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். எக்செல்லில் மூன்று நிரல்களாக வந்து உட்கார்ந்ததும் மூன்று தனிச் செய்திகள் என்று நம்பிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. யாராவது காமன் ஏரியாவை "சேலபிள் கழித்தல் கார்ப்பெட்" என்று கணக்குப் போட்டுத் தந்திருந்தால், மூன்றையும் சேர்த்து ரிக்ரெஷனே போட முடியாது. சில மென்பொருள்கள் ஒரு நிரலைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு மற்ற இரண்டுக்கும் விடை தரும். ஆகவே நிரலைத் தந்தவரிடம் அது அளந்ததா, கழித்ததா என்று கேட்டுவிடுங்கள்.

3. ஜோடி ஜோடியாகப் பார்த்து ஏமாறாதீர்கள்

நான் ஏமாந்தது இங்கேதான். ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்று காட்டும் ஒட்டுறவு அணியைப் போட்டேன்:

கார்ப்பெட்டுக்கும் காமனுக்கும் 0.
கார்ப்பெட்டுக்கும் சேலபிளுக்கும் 0.79.
காமனுக்கும் சேலபிளுக்கும் 0.60.

கார்ப்பெட்டும் காமனும் எப்படி உறவே இல்லாமல் இருக்கும் என்று கேட்பீர்கள். என் தரவில் மயிலாப்பூரின் பழைய, விசாலமான வீடுகளும் இருந்தன, ஓ.எம்.ஆர். பக்கத்துப் புதிய கோபுரங்களும் இருந்தன. பழையதில் உள்ளே இடம் அதிகம், வெளியே ஒரு படிக்கட்டு மட்டும். புதியதில் உள்ளே நெருக்கம், வெளியே கிளப் ஹவுஸ் வரை உண்டு. இரண்டும் கலந்ததில் உறவு அழிந்துபோனது.

'0.8-ஐத் தாண்டினால்தான் கவலை' என்று ஒரு விதியை எங்கோ படித்திருந்தேன். எதுவும் தாண்டவில்லை. சரி, மல்டிகொலினியாரிட்டி இல்லை என்று முடிவுகட்டி, மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் வீடுகளைத் தேடப் போய்விட்டேன்.

கடைசியில் கல்லூரியில் எனக்குப் புள்ளியியல் நடத்திய சாரிடம் போய் நின்றேன். தாளை ஒரு நிமிடம் பார்த்தார். "ஜோடி ஜோடியாப் பாத்தா இது தெரியாதுப்பா. மூணையும் சேத்துப் பாரு. ஐகன் மதிப்பு எடுத்தியா?" என்றார். எடுக்கவில்லை.

4. ஐகன் மதிப்புகளை எடுங்கள்

செலவு எதுவும் இல்லை. பைத்தானும் நம்பையும் இலவசம், வேலை ஐந்து நிமிடம்.

```python
import numpy as np
R = np.array([[1,   0,   .79],
              [0,   1,   .60],
              [.79, .60, 1  ]])
w, V = np.linalg.eigh(R)
print(w.round(3))        # 0.008  1.0  1.992
print(V[:, 0].round(3))
```

`eigh` சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தித் தரும். நமக்கு வேண்டியது முதலில் நிற்பது: 0.008.

இதன் பொருளை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டுறவு அணியில் ஒவ்வொரு மாறியும் அதன் சராசரி கழிக்கப்பட்டு, திட்ட விலக்கத்தால் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றின் வேரியன்ஸும் 1. மூன்று மாறிகள் என்றால் மொத்தம் 3. ஐகன் மதிப்புகளைக் கூட்டினாலும் அதே 3-தான் வரும். இருக்கும் மொத்த அசைவை மூன்று புதிய திசைகளில் பிரித்துத் தருவதுதான் ஐகன் மதிப்புகளின் வேலை. ஒரு திசைக்கு 1.992, இன்னொன்றுக்கு 1, மூன்றாவதற்கு வெறும் 0.008.

அந்த மூன்றாவது திசையில் என் 64 வீடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வீடுகள் வேறுபடாத ஒரு திசையில், வாடகை எப்படி மாறும் என்று தரவால் சொல்ல முடியாது. ஆனாலும் ரிக்ரெஷன் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிச் சொன்னதுதான் அந்த −4.

ஜோடி ஒட்டுறவு இரண்டு இரண்டாகத்தான் பார்க்கும். மூன்று மாறிகள் கூடிச் செய்யும் சதி அதன் கண்ணில் படாது. ஐகன் மதிப்பு எல்லாத் திசைகளையும் பார்க்கிறது.

இந்தப் படியில் மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

ஒன்று, உருட்டல். அறிக்கைக்காக ஒட்டுறவுகளை உருட்டிவிட்டு, அந்த உருட்டிய அட்டவணையிலிருந்து ஐகன் மதிப்பு எடுக்காதீர்கள். மேலே 0.79-ஐ 0.80 என்று மாற்றிப் பாருங்கள், சிறிய ஐகன் மதிப்பு 0 ஆகிவிடும். கூடவே 0.60-ஐ 0.61 ஆக்கினால் அது எதிர்மறையாகவே போகும். பெரிய ஐகன் மதிப்புகளுக்கு இரண்டாம் தசமம் ஒரு பொருட்டே இல்லை. சிறியதற்கு அதுதான் உயிர்.

இரண்டு, விடுபட்ட மதிப்புகள். பாண்டாஸின் `df.corr()` ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைக்கிற வரிகளை வைத்துத் தனித்தனியாகக் கணக்கிடும். ஒரு ஜோடிக்கு 64 வீடு, இன்னொரு ஜோடிக்கு 51 வீடு என்று அமைந்தால் அணி தனக்குள்ளேயே முரண்படும், ஐகன் மதிப்பு எதிர்மறையாக வரலாம். முதலில் `dropna()`, அப்புறம்தான் ஒட்டுறவு.

மூன்று, ஒட்டுறவு அணிக்குப் பதிலாக, திட்ட விலக்கத்தால் வகுக்காத கோவேரியன்ஸ் அணியை எடுத்துவிடுவது. சதுர அடியும் மெட்ரோ ஸ்டேஷனுக்கான கிலோமீட்டரும் ஒரே அணியில் இருந்தால், கிலோமீட்டரின் எண்கள் சிறியவை என்பதாலேயே ஒரு சிறிய ஐகன் மதிப்பு வரும். அது அலகு செய்த வேலை, நோய் இல்லை.

5. ஐகன் வெக்டரைச் சதுர அடிக்குத் திருப்புங்கள்

நோய் இருப்பதை ஐகன் மதிப்பு சொன்னது. அது எந்த மாறிகளுக்கு இடையே என்பதைச் சொல்வது அதோடு வரும் வெக்டர். எனக்கு வந்தது, கார்ப்பெட் −0.563, காமன் −0.428, சேலபிள் 0.707. உங்கள் கணினியில் எல்லாக் குறிகளும் தலைகீழாக வரலாம், இரண்டும் ஒன்றுதான்.

இந்த எண்களை அப்படியே பார்த்தால் ஒன்றும் புரியாது. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவை திட்டப்படுத்திய மாறிகளுக்கான எடைகள். ஒவ்வொன்றையும் அந்த மாறியின் திட்ட விலக்கத்தால் வகுத்தால்தான் உண்மையான அலகுக்கு வரும். என் தரவில் திட்ட விலக்கங்கள் கார்ப்பெட்டுக்கு 240 சதுர அடி, காமனுக்கு 182, சேலபிளுக்கு 304. கீழே `df` என்பது வீட்டுக்கு ஒரு வரியாக மூன்று அளவுகளும் உள்ள பாண்டாஸ் அட்டவணை.

```python
d = df[["carpet", "common", "saleable"]].dropna()
R = np.corrcoef(d.values, rowvar=False)
w, V = np.linalg.eigh(R)
v = V[:, 0] / d.std().values
print((v / v[2]).round(2))   # -1.01  -1.01  1.0
```

கடைசி வரியைப் பாருங்கள். சேலபிள், கழித்தல் கார்ப்பெட், கழித்தல் காமன்: ஏறக்குறைய ஒரு மாறிலி. ஏரியா ஸ்டேட்மெண்ட்டின் கூட்டல் கணக்கு, எந்தக் காகிதத்தையும் பார்க்காத புரோகிராமிலிருந்து அப்படியே வெளியே வருகிறது. இதைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

அப்படிக் கழித்து வரும் மீதம் ஏன் முழு மாறிலி இல்லை? பால்கனியும் வெளிச்சுவரும் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறுவதால்தான். என் தரவில் அந்த மீதத்தின் திட்ட விலக்கம் சுமார் 38 சதுர அடி. மூன்று கெழுக்களையும் பிரித்தறிய எனக்கு இருந்த மொத்த மூலதனம் இந்த 38 சதுர அடிதான்.

6. சேதம் எவ்வளவு என்று அளவிடுங்கள்

ஒரு மாறியின் விஐஎஃப் என்பது, மற்ற மாறிகளோடு பின்னிக்கிடப்பதால் அதன் கெழுவின் வேரியன்ஸ் எத்தனை மடங்கு பெருகியது என்ற எண். ஐகன் மதிப்புகளிலிருந்தே அதைப் போடலாம்: ஒவ்வொரு திசையிலும் அந்த மாறியின் எடையை வர்க்கப்படுத்தி, அந்த ஐகன் மதிப்பால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

கார்ப்பெட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய திசையிலிருந்து 0.563² ÷ 0.008, ஏறத்தாழ 39.6. மற்ற இரண்டு திசைகளும் சேர்ந்து 0.5 மட்டுமே. மொத்தம் சுமார் 40. அதாவது கார்ப்பெட் கெழுவின் நிச்சயமின்மையில் 99 சதவீதம் ஒரே ஒரு திசையிலிருந்து வருகிறது. இதேபோல் காமனுக்கு 24, சேலபிளுக்கு 63.

இதை ரூபாயில் சொன்னால்தான் மேலாளருக்குப் புரியும். 40-இன் வர்க்கமூலம் 6.3. சிக்கல் இல்லாதிருந்தால் கார்ப்பெட் கெழுவின் திட்டப்பிழை சதுர அடிக்கு 1.6 ரூபாயாக இருந்திருக்கும். அது 6.3 மடங்காகி 10 ரூபாயில் நிற்கிறது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு, தயவுசெய்து கவனியுங்கள். பெரிய ஐகன் மதிப்பைச் சிறியதால் வகுத்தால் எனக்கு 250 வருகிறது. சிலர் இதைக் கண்டிஷன் எண் என்கிறார்கள். வேறு சிலர் இதன் வர்க்கமூலத்தை, அதாவது 15.8-ஐ, அதே பெயரில் சொல்கிறார்கள். வர்க்கமூலம் எடுக்காத எண்ணுக்கு 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்பது வழக்கம். அதன்படி நான் மாட்டினேன். வர்க்கமூலம் எடுத்ததற்கு 30 என்ற வரம்பு புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி நான் தப்பினேன். ஆனால் அந்த 30 சராசரி கழிக்காத, மாறிலி நிரலையும் சேர்த்துக்கொண்ட அணிக்காகச் சொல்லப்பட்டது. ஒட்டுறவு அணிக்கு அதைப் பொருத்தக் கூடாது. என்னைக் கேட்டால், இந்த வரம்புகளைவிட மேலே போட்ட ரூபாய்க் கணக்கையே நம்புவேன்.

7. என்ன செய்யலாம், அதற்கு என்ன விலை

முதலில், ஒரு நிரலை விட்டுவிடலாம். நான் சேலபிளை நீக்கினேன். கார்ப்பெட்டின் கெழு 18 ரூபாய், திட்டப்பிழை 1.6. காமனின் கெழு 10 ரூபாய், திட்டப்பிழை 2.1. R² 0.72-இலிருந்து 0.71-க்கு இறங்கியது, அவ்வளவுதான். புரோக்கரும் ஒத்துக்கொள்ளும் விடை.

பழைய கெழுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்ப்பெட் 4-ஐயும் சேலபிள் 14-ஐயும் கூட்டினால் 18. காமன் −4-ஐயும் 14-ஐயும் கூட்டினால் 10. முதல் ரிக்ரெஷன் பொய் சொல்லவில்லை. கூட்டுத்தொகைகளைச் சரியாகவே அறிந்திருந்தது, அவற்றைப் பங்குபிரிக்கத்தான் தெரியவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. பால்கனியின் தனி மதிப்பை இனிக் கேட்க முடியாது. அதுதான் உங்கள் கேள்வி என்றால் நிரலை நீக்குவது தீர்வே இல்லை.

அப்போது இன்னும் தரவு வேண்டும். அதன் செலவை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். திட்டப்பிழையைப் பாதியாக்க வீடுகளை நான்கு மடங்காக்க வேண்டும்: 64 வீடு 256 ஆகும். எனக்கு 64 வீட்டுக்கு மூன்று வாரம் ஆனது. 256 என்றால் மொத்தம் மூன்று மாதம். ஆனால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. கண்ட வீட்டையும் சேர்க்காமல், அந்தச் சமன்பாட்டை உடைக்கும் வீடுகளைத் தேடிப் போங்கள். ஒருபக்கம் பால்கனியே இல்லாதவை, இன்னொரு பக்கம் பால்கனி பெரிதாக உள்ளவை. 38 சதுர அடி என்ற அந்த மீதத்தின் பரவல் 76 ஆனால், வீட்டு எண்ணிக்கை 64 ஆகவே இருந்தாலும் திட்டப்பிழை பாதியாகிவிடும்.

ரிட்ஜ் ரிக்ரெஷன் என்று ஒரு வழியும் உண்டு. ஒவ்வொரு ஐகன் மதிப்போடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டிவிடுகிறது. 0.008-உடன் 0.05 சேர்ந்தால் வகுக்கும் எண் ஏழு மடங்கு பெரிதாகி, கெழுக்கள் அடங்கிவிடும். பதிலுக்கு அவை சற்று ஒருபக்கம் சாயும், வழக்கமான t சோதனையும் செல்லாது. கெழுக்களுக்குப் பொருள் சொல்ல வேண்டிய அறிக்கையில் நான் இதைத் தொட மாட்டேன்.

வாடகையைக் கணிப்பது மட்டும்தான் வேலை என்றால் எதுவுமே செய்யாமல் விட்டுவிடலாம், மூன்று நிரல்களோடும் கணிப்பு நன்றாகவே வரும். ஆனால் புதிய வீடும் அதே கூட்டல் கணக்குக்குள் இருக்க வேண்டும். எனக்கு வந்த ஒரு வீட்டில் தனி மொட்டை மாடி 300 சதுர அடி, அதையும் சேலபிளில் சேர்த்திருந்தார்கள். ரிக்ரெஷன் அதற்காக 300 × 14 = 4,200 ரூபாயைக் கூட்டியது. அந்த 14-இன் திட்டப்பிழை 10. எனவே அந்த 4,200-க்கும் திட்டப்பிழை 3,000 ரூபாய். அந்த வீட்டுக்கு நான் ரிக்ரெஷனை விட்டுவிட்டு, அதே பகுதியில் மொட்டை மாடியோடு வாடகைக்குப் போன வீடுகளை நேரில் விசாரித்துத்தான் வாடகை சொன்னேன்.